முல்லை பாடவில்லை, தேர் எப்படிக் கிடைத்தது?

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. வளவில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சொத்தை விற்றுத் தானம் செய்த ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரியவர் ஒருவர், "பாரி கணக்கா தேரைக் கொடியில விட்டுட்டு நடந்து வந்தா, பிள்ளை குட்டி என்னாகும்?" என்றார். பக்கத்திலிருந்த பள்ளி மாணவி, "இல்லைய்யா, பாரி செடிக்கு இரக்கப்பட்டவர், இயற்கையை நேசிச்சவர்" என்றாள். மூன்றாவது ஆள் ஒருவர், "எல்லாம் புலவனுங்க காசுக்குக் கட்டிவிட்ட கதை" என்று முடித்துவிட்டார்.

மூன்றும் அடிக்கடி கேட்கிற பேச்சுதான். பாரி விவரம் தெரியாதவன், பாரி செடிகொடிப் பிரியன், புலவர்கள் துதிபாடிகள். இந்த மூன்றில் எதை வைத்துக்கொண்டு பழைய பாட்டைத் திறந்தாலும் பாட்டு நமக்குப் பிடிபடாது. தேர் கொடுப்பது என்பது அந்தக் காலத்தில் ஒழுங்கும் முறையும் உள்ள ஒரு வழக்கம். அந்த வழக்கம் தெரிந்தால்தான் முல்லைக்குத் தேர் என்ற பேச்சின் பொருள் விளங்கும். பாரி நமக்குத் தூரத்து ஆளும் இல்லை. அவனுடைய பறம்பு மலை என்று மரபாகச் சொல்லப்படுவது நம் சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் நிற்கிற பிரான்மலைதான். ஆகவே அவன் கதையையே எடுத்துக்கொண்டு, அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் மொய் நோட்டு

தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் முகப்பில் ஒரு மேசை, அதன்மேல் நீள நோட்டு. மொய் எழுதுகிறவர் பெயரையும் ஊரையும் கேட்டு, தொகையை எழுதுகிறார். பிறகு அந்த வீட்டு விசேஷம் வரும்போது இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். "அவுக நமக்கு என்ன செஞ்சாகன்னு பாத்து எழுதுங்க" என்று ஆச்சி உள்ளிருந்து குரல் கொடுப்பது எல்லா வீட்டிலும் கேட்டதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மொய்ப் பணம் கடனுமில்லை, விலையுமில்லை. அதற்கு வட்டி கிடையாது, கெடு கிடையாது, எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரமும் கிடையாது. ஆனால் திரும்பிச் செய்யாமல் விட்டால் ஊர் பேசும். சீர்வரிசையும் இப்படித்தான். யாருக்கு என்ன சீர் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாமனுக்குச் செய்கிறதைச் சித்தப்பாவுக்குச் செய்வதில்லை. இடம் மாறிச் செய்தால், தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாங்குகிறவர் மனம் சுருங்கும்.

கொடுப்பதற்குள் இப்படி ஒரு முறை இருக்கிறது. விலை பேசுவதும் இல்லை, பிச்சை போடுவதும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டுகளில் வருகிற கொடையும் இந்த இனம்தான். மொய்க்குத் திரும்ப மொய் வரும், அந்தக் கொடைக்குத் திரும்ப வந்தது பாட்டு. வேறுபாடு அவ்வளவுதான்.

கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்

அந்தக் காலத்தில் ஆட்சியாளர்கள் இரண்டு தட்டில் இருந்தார்கள். சேர, சோழ, பாண்டியர் மூவரும் வேந்தர். அவர்களுக்குக் கீழே ஒரு மலை, ஒரு காடு, சில நூறு ஊர் என்று ஆண்டவர்கள் குறுநில மன்னர்கள். பாட்டில் வள்ளல் என்று புகழ் பெற்றவர்களில் மிகுதியானவர்கள் இந்த இரண்டாம் தட்டுக்காரர்கள். பாரிக்குப் பறம்பு, ஓரிக்குக் கொல்லி, ஆய்க்குப் பொதியில், அதியமானுக்குத் தகடூர். பெரிய நெல்வயல் வருமானம் இவர்களிடம் குறைவு. மலைபடு பொருளும் யானையும் இருந்தன.

வாங்கியவர்களிலும் வகை உண்டு. யாழ் மீட்டிப் பாடியவர்கள் பாணர். அவர்களோடு வந்து ஆடியவள் விறலி. சொந்தமாகப் பாட்டுக் கட்டியவர் புலவர். பாணர் கூட்டமாக, பெண்டு பிள்ளைகளோடு, யாழைப் பையில் போட்டுச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். புலவர்களும் போனார்கள், ஆனால் அவர்களில் சிலர் ஒரே தலைவனோடு பல ஆண்டு தங்கி, அவனுக்கு நண்பராகவும் யோசனை சொல்பவராகவும் இருந்தார்கள். பாரிக்குக் கபிலர் அப்படி. அதியமானுக்கு ஔவையார் அப்படி.

இவர்கள் பெற்றதற்குப் பரிசில் என்று பெயர். இன்று நாம் போட்டியில் ஜெயித்தால் வாங்குகிற பரிசு அந்தச் சொல்லின் பேரப்பிள்ளை. பாணனுக்குப் பொன்னால் செய்த தாமரைப்பூ, விறலிக்கு நகை, புலவனுக்கு யானை, தேர், பொன், ஊர் என்று பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆளுக்குத் தக்கபடி பரிசிலும் மாறுகிறது என்பதை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர் என்றால் எந்தத் தேர்

இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தேர் என்றதும் வடம் பிடித்து இழுக்கிற கோயில் தேர்தான் கண்ணுக்கு வரும். குன்றக்குடித் தேர், கண்டதேவித் தேர் என்று பார்த்து வளர்ந்த கண். அதை ஒரு முல்லைக்கொடி மேல் விட்டால் கொடி நசுங்கிவிடும், கதையும் நசுங்கிவிடும்.

பழம்பாட்டுத் தேர் குதிரை பூட்டிய ஓட்ட வண்டி. அதை ஓட்டுகிறவன் வலவன். வண்டியில் மணிகள் கட்டியிருக்கும். 'கறங்குமணி நெடுந்தேர்' என்று கபிலர் சொல்வது அந்த ஒலிக்கும் மணிகளைத்தான். அகநானூற்றில் ஒரு தலைவன், பூவில் தேன் குடிக்கிற வண்டுகள் மிரண்டுவிடுமே என்று தன் தேர்மணியின் நாக்கைக் கட்டிவைத்துவிட்டு ஓட்டி வருகிறான். அவ்வளவு கிட்டத்தில், பூத்த கொடிகளுக்கு நடுவில் போகிற வண்டி அது. மழைக்காலத்து முல்லைக் காட்டில் தேர் ஓடுவது அந்தக் கவிதைகளில் அன்றாடக் காட்சி.

விலை என்று பார்த்தால், குதிரையும் ஓட்டுகிற ஆளும் சேர்ந்த தேர் பெரிய சொத்து. சாதாரணமானவன் கனவில்கூட வைத்திருக்க முடியாது. நடந்தே தேய்ந்த கால்களோடு வருகிற ஒருவனுக்கு அதைக் கொடுப்பது அவன் நிலையையே மாற்றுவது. பொருநராற்றுப்படை என்ற நெடும்பாட்டில் கரிகாற்சோழன் கொடுக்கிற காட்சி இருக்கிறது. பால்போல் வெளுத்த நான்கு குதிரைகளைத் தேரில் பூட்டுகிறான். குதிரையைக் குத்துகிற தாற்றுக்கோலின் முள்ளை எடுத்துவிடுகிறான். 'ஏறு' என்று ஏற்றி, பின்னால் ஏழடி நடந்து வந்து வழியனுப்புகிறான். கரிகாலன் வேந்தன்தான், குறுநில மன்னன் இல்லை. ஆனாலும் தேர் கொடுக்கும் முறை என்னவென்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இடம் கிடைக்காது. நம் வீட்டில் சம்பந்தியை வாசல்வரை போய் அனுப்புகிற மாதிரி, அந்த ஏழடியும் பரிசிலில் சேர்த்திதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சின்ன மலைநாட்டுத் தலைவர்கள், ஊர் சுற்றும் பாணர்களுக்கும் புலவர்களுக்கும் பாட்டுக்கு ஈடாகக் கொடுத்தது பரிசில். தேர் அதில் உயர்ந்த வகை. கொடுக்கும் விதமும் கொடுக்கும் பொருளும் சேர்ந்துதான் பரிசில்.

பரிசில் எப்படி நடந்தது

புலவர் ஒரு தலைவனின் புகழைக் கேள்விப்பட்டு வருகிறார். எங்கே போனால் கிடைக்கும் என்று முன்னே போய் வாங்கி வந்தவரே எதிரில் வருகிறவருக்கு வழி சொல்வதும் உண்டு. அப்படி வழி சொல்லும் பாட்டுக்கு ஆற்றுப்படை என்று பெயர். 'ஆறு' என்றால் வழி. வாயிலில் காவலன் நிற்கிறான். உள்ளே போனால் முதலில் சோறு, கள், புதுத்துணி. பிறகு பாட்டு. பிறகு பரிசில். பிறகு விடை.

இதில் சிக்கல் வருகிற இடம் இரண்டு. ஒன்று காலம் தாழ்த்துவது, இன்னொன்று தரம் பார்க்காமல் கொடுப்பது.

இரண்டாவது இன்றைக்கு நமக்கு வியப்பாக இருக்கும். திருமுடிக்காரி என்ற மலையமான் தாராளமாகக் கொடுப்பவன். மழைத்துளியைவிட அதிகமாகத் தேர் கொடுத்தவன் என்று கபிலரே பாடுகிறார். அதற்கு முன்னால், காலையிலேயே குடித்துவிட்டு மகிழ்ச்சியில் இருக்கும்போது தேர் கொடுப்பது யாருக்கும் எளிது, இவன் தெளிவாக இருக்கும்போது கொடுத்தவன் என்று ஒரு வரி. ஆனால் அதே காரியிடம் கபிலர் ஒரு குறையும் சொல்கிறார். புறநானூற்றின் 121-ஆம் பாட்டு:

'வரிசை அறிதலோ அரிதே, பெரிதும்
ஈதல் எளிதே மாவண் தோன்றல்!'

வாரி வாரிக் கொடுப்பது எளிது, வருகிறவர் ஒவ்வொருவரின் தகுதியை அறிவதுதான் அரிது, ஆகவே புலவர்களை எல்லாரையும் ஒன்றாகப் பார்க்கும் 'பொதுநோக்கை' விட்டுவிடு என்கிறார். வரிசை என்றால் இங்கே ஒருவருக்குரிய தரமும் அதற்குத் தக்க மரியாதையும். நாம் சீர்வரிசை என்று சொல்லும்போது வாயில் வருவது இதே சொல். எனக்கு இந்த இரண்டு வரியைப் படிக்கும்போதெல்லாம் மொய் நோட்டும் ஆச்சியின் குரலும் ஞாபகம் வந்துவிடும்.

தரம் பார்க்காமல் கொடுத்தால் புலவர் என்ன செய்வார்? வாங்காமல் போய்விடுவார். பெருஞ்சித்திரனார் என்ற புலவர் குன்றும் மலையும் கடந்து அதியமானைப் பார்க்க வருகிறார். அவன் நேரில் பார்க்காமல், இதை வாங்கிக்கொண்டு போகச் சொல் என்று பொருளை அனுப்பிவிடுகிறான். புலவர் சொன்ன பதில் 208-ஆம் பாட்டு. 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்.' என்னைப் பார்க்காமல் கொடுத்த பொருளை எடுத்துக்கொண்டு போக நான் வியாபாரப் பரிசிலன் இல்லை, என் அளவை அறிந்து அன்போடு தந்தால் தினை அளவு போதும் என்கிறார். சரக்கைக் கொடுத்துக் காசை வாங்குகிற மாதிரி பாட்டைக் கொடுத்துப் பொருளை வாங்குவது தன் தொழில் இல்லை என்பது பொருள். வியாபாரத்தில் ஊறிய நம் ஊருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைப் பேரேடு வேறு, மொய் நோட்டு வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் அவமானம்.

இதே பெருஞ்சித்திரனார் இளவெளிமான் என்பவனிடம் சரியான பரிசில் கிடைக்காமல் திரும்புகிறார். நேரே குமணனிடம் போய்ப் பாடி யானை வாங்கி, அதைக் கொண்டுவந்து இளவெளிமானின் ஊர்க் காவல்மரத்தில் கட்டிவிட்டு, 'இது எம் பரிசில், நான் போகிறேன்' என்று பாடிவிட்டுப் போகிறார். காவல்மரம் என்பது அந்த ஊரின் மானம். அதில் இன்னொருவன் கொடுத்த யானை கட்டப்பட்டு நிற்கிறது. துதிபாடி இப்படிச் செய்வானா? இவர்களைக் காசுக்குப் பாடியவர்கள் என்பவர்கள் இந்த 162-ஆம் பாட்டை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒரு இடம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், தன் மனைவி கண்ணகியைத் தனியே விட்டுவிட்டான். (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு.) பரணர் அவனிடம் வருகிறார். 'பசித்தும் வாரேம், பாரமும் இலமே' என்று ஆரம்பிக்கிறார். பசிக்காகவும் வரவில்லை, தாங்க வேண்டிய சுற்றமும் இல்லை. அப்படியென்றால் என்ன பரிசில்? இன்றிரவே மணி கட்டிய உன் நெடுந்தேரில் ஏறிப் போய் அவள் துயரைத் தீர், நாங்கள் இரந்த பரிசில் அதுதான் என்கிறார். ஒரு குறுநில மன்னனின் வீட்டு விஷயத்தில் தலையிட ஒரு புலவனுக்கு இருந்த உரிமை இது. பரிசில் கேட்கும் முறையையே எடுத்து, அதற்குள் தேரையும் வைத்து, கேட்பதைக் கேட்டுவிட்டார்.

சுருக்கமாக: பாட்டுக்குப் பரிசில் என்பது முறை. தகுதி அறிந்து தருவது வரிசை. அது தவறினால் புலவர் வாங்க மறுப்பார், வசை பாடுவார், வேறு ஆளிடம் போவார்.

இப்போது முல்லைக்கு வருவோம்

நாம் கேட்டு வளர்ந்த கதை: பாரி தேரில் போகிறான், பற்றிப் படரக் கொம்பில்லாமல் ஒரு முல்லைக்கொடி காற்றில் ஆடித் தவிக்கிறது, மனம் தாங்காமல் தேரை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்தே அரண்மனைக்குப் போகிறான். பாடப்புத்தகப் படத்தில்கூட அப்படித்தான் பார்த்திருக்கிறோம்.

இப்போது பாட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாரி இறந்த பிறகு அவனுடைய பெண்களைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை தேடிப் போகிற கபிலர், விச்சிக்கோன் என்ற தலைவனிடம் அவர்களை அறிமுகம் செய்கிறார். அது 200-ஆம் பாட்டு:

'பூத்தலை அறாஅப் புனைகொடி முல்லை
நாத்தழும்பு இருப்பப் பாடாது ஆயினும்
கறங்குமணி நெடுந்தேர் கொள்கெனக் கொடுத்த
பரந்தோங்கு சிறப்பின் பாரி மகளிர்'

பூ ஓயாத முல்லைக்கொடி நாவில் தழும்பேறும்படி பாடவில்லை. ஆனாலும், ஒலிக்கும் மணி கட்டிய நெடுந்தேரை 'எடுத்துக்கொள்' என்று கொடுத்தவன் பாரி. இவர்கள் அவன் மகள்கள்.

அடுத்து இருங்கோவேள் என்பவனிடம் பேசும்போதும் 'தேருடன் முல்லைக்கு ஈத்த' என்கிறார். சிறுபாணாற்றுப்படையில் 'சிறுவீ முல்லைக்குப் பெருந்தேர் நல்கிய' என்று வருகிறது. வீ என்றால் பூ. இந்த மூன்று இடத்திலும் கொம்பில்லாமல் தவித்த கொடி இல்லை. நடந்து வீடு திரும்பிய பாரி இல்லை. இரக்கம் என்ற சொல்லும் இல்லை. ஏன் கொடுத்தான் என்று காரணம் சொல்லாமலே விட்டிருக்கிறார்கள். தவித்த கொடி பின்னால் வந்தவர்கள் அந்த இடைவெளியில் நட்டு வளர்த்தது.

காரணத்துக்குப் பதிலாகக் கபிலர் சொல்வது 'பாடாது ஆயினும்' என்ற சொல்லை. இதுவரை பார்த்த முறையை வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். தேர் பாட்டுக்குரிய பரிசில். பாடிப் பாடி நாக்குத் தழும்பேறியவன் வாங்க வேண்டியது. இங்கே வாங்குவது முல்லை. அதற்குப் பாடவும் தெரியாது, நாளைக்குப் பாரியின் புகழை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகவும் தெரியாது, கேட்கவும் இல்லை. கபிலர் அந்த முல்லையைப் பரிசிலர் கூட்டத்தில் ஒருத்தியாகவே நிறுத்தி வைத்துப் பேசுகிறார். 'கொள்க' என்ற சொல் பரிசில் கொடுக்கும்போது மனிதரிடம் சொல்லும் சொல். மொய் நோட்டில் பெயரே எழுத முடியாத ஒருவருக்குச் செய்த சீர் மாதிரி, திரும்பி வரும் வழியே இல்லாத கொடை. கொடை எந்த எல்லைவரை போகும் என்று காட்ட அவருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

யாரிடம், எப்போது சொல்கிறார் என்பதும் முக்கியம். கையில் ஒன்றுமில்லாத இரண்டு பெண்களுக்காக இன்னொரு தலைவனிடம் கேட்கிறார். பாடத் தெரியாத கொடிக்கே தேர் தந்தவனின் பிள்ளைகள், நீ என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்வி அந்த வரிக்குள் நிற்கிறது.

'மடம்' என்று அவர்களே சொன்னது

சரி, பெரியவர் கேட்ட கேள்விக்கு என்ன பதில்? இது புத்திக்குறைவான செயல்தானே?

அந்தக் கேள்வி பழைய ஆட்களுக்கும் வந்திருக்கிறது. அதற்கு ஒரு சொல்லே வைத்திருந்தார்கள்: கொடைமடம். மடம் என்றால் அறியாமை. யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று பார்க்காமல் கொடுத்துவிடும் அறியாமை கொடைமடம். பேகனைப் பற்றிய 142-ஆம் பாட்டில் பரணர் மழையை உவமை சொல்கிறார். மழை வற்றிய குளத்திலும் பெய்கிறது, அகன்ற வயலிலும் பெய்கிறது, பயனில்லாத உவர் நிலத்திலும் பெய்கிறது. பேகனும் அப்படி. ஆனால் கொடையில் மடம் படுவானே தவிரப் போரில் மடம் படமாட்டான் என்று முடிக்கிறார். இன்னொரு பாட்டில் மயில் அந்தப் போர்வையை உடுத்தவும் போர்த்தவும் செய்யாது என்பதை 'அறிந்தும்' கொடுத்தான் என்கிறார். தெரியாமல் செய்த பிழையாக அவர்கள் அதை எண்ணவில்லை. பிற்காலத்துப் பழமொழி நானூறு முல்லைக்குத் தேரையும் மயிலுக்குப் போர்வையையும் சேர்த்துச் சொல்லி, 'அறிமடமும் சான்றோர்க்கு அணி' என்கிறது. அறிந்தே செய்யும் அறியாமை.

காரியிடம் 'வரிசை அறிந்து கொடு' என்று கண்டித்த அதே கபிலர், பாரி விஷயத்தில் 'மடவர் மெல்லியர் செல்லினும் கடவன்' என்று புகழ்கிறார். ஒன்றும் தெரியாதவர், எளியவர் போனாலும் அவர்களுக்குக் கொடுப்பதைத் தன் கடமையாக நினைப்பவன். புல்லிலை எருக்கம்பூவைக் கொடுத்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்லாதது போல என்று உவமை. இரண்டும் முரண் போலத் தெரியும். நான் புரிந்துகொண்டபடி, புலவனுக்கு வரிசை தவறக் கூடாது, எளியவனுக்கு வரிசையே பார்க்கக் கூடாது. சம்பந்திக்குச் சீர் குறையக் கூடாது, அன்னதானப் பந்தியில் யார் என்று கேட்கக் கூடாது என்று நம் வீட்டில் இருப்பது போலத்தான்.

ஏழு பேர் என்ற கணக்கு

கடையெழு வள்ளல்கள் என்று பள்ளியில் ஒப்பித்தோம்: பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. இந்த ஏழு பேரும் சேர்ந்து வருகிற இரண்டு பழைய இடங்கள் சிறுபாணாற்றுப்படையும் புறநானூறு 158-உம். இரண்டிலும் ஏழு பேரையும் எண்ணுவது எட்டாவது ஆளைப் புகழத்தான். முன்னதில் அந்த எட்டாவது ஆள் நல்லியக்கோடன், பின்னதில் குமணன். எழுவர் தாங்கிய கொடை என்ற நுகத்தடியை இவன் ஒருவனே தாங்குகிறான் என்பது சிறுபாணாற்றுப்படையின் பேச்சு. எழுவரும் மாய்ந்த பின், இனி உன்னிடம்தான் வரவேண்டும் என்று வந்தேன் என்பது பெருஞ்சித்திரனாரின் பேச்சு. பட்டியலே ஒரு பரிசில் கேட்கும் முறை.

ஏழு பேரும் ஒருவருக்கொருவர் இணக்கமாக இருந்த சான்றோர் என்றும் நினைக்க வேண்டாம். காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. வள்ளல் என்பது கொடுக்கும் குணத்துக்கு வந்த பெயர், மற்றதற்கெல்லாம் சான்றிதழ் இல்லை. அப்புறம் எண்ணிக்கைகளையும் கணக்குப் புத்தகமாகப் படிக்கக் கூடாது. உன் நாட்டில் இளம்பெண்யானை ஒரு சூலில் பத்துக் குட்டி போடுமா என்று ஆயிடம் ஒரு புலவர் கேட்கிறார். அவ்வளவு யானை கொடுத்தானாம். பாட்டு அப்படித்தான் பேசும்.

பறம்பு கை மாறிய கதை

இனி பாரி. மூவேந்தரும் சேர்ந்து பறம்பை முற்றுகை இட்டார்கள். கபிலர் அவர்களைப் பார்த்துப் பாடிய 109-ஆம் பாட்டில், உழவர் உழாமலே பறம்பு நான்கு விளைவு தரும் என்று எண்ணுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகையால் பசியில் வீழ்த்த முடியாது என்பது செய்தி. மரம்தோறும் யானையைக் கட்டினாலும், வயல்தோறும் தேரைப் பரப்பினாலும் உங்களால் பிடிக்க முடியாது. அதைப் பெறும் வழி எனக்குத் தெரியும். யாழை இசைத்துக்கொண்டு, விறலியர் பின்னால் வர, ஆடிப் பாடிக்கொண்டு போங்கள். நாட்டையும் குன்றையும் சேர்த்தே தந்துவிடுவான்.

அடுத்த பாட்டு இன்னும் கூர்மை. பறம்பு நாட்டில் முந்நூறு ஊர். முந்நூறும் பரிசிலர் பெற்றுக்கொண்டார்கள். மீதி இருப்பது நானும் பாரியும், இந்தக் குன்றும். நீங்களும் பாடிக்கொண்டு போனால் அதுவும் கிடைக்கும்.

இது வேந்தர்களைக் குத்துகிற பேச்சு. பாணன் வாங்குகிற முறையில் நீங்கள் வாங்கத் தயாரா என்ற கேள்வி. அதே நேரம் அந்தக் கொடையின் பலவீனமும் இதிலேயே தெரிகிறது. ஊர்களை எல்லாம் கொடுத்துவிட்டவனிடம் பெரும்படைகளை நெடுநாள் எதிர்க்க என்ன இருக்கும்? கொடுக்கக் கொடுக்கப் புகழ் வளர்கிறது, புகழ் வளர வளர வேந்தரின் கண் விழுகிறது, எதிர்த்து நிற்க வேண்டிய பொருளோ பாணர்களோடு போய்விட்டது. கல்யாண வீட்டுப் பெரியவரின் கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை.

வேந்தர்கள் பாணர் வேடத்தில் வந்து பாரியைக் கொன்றார்கள் என்ற கதை பலருக்குத் தெரியும். 109-ஆம் பாட்டின் ஏளனத்திலிருந்து அது முளைத்திருக்கலாம். புறநானூற்றுப் பாட்டுகள் அவன் எப்படி இறந்தான் என்று விவரிக்கவில்லை. அவன் பெண்கள் பாடியதாக உள்ள பாட்டு இவ்வளவுதான் சொல்கிறது: அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் வேந்தர் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கபிலர் அவர்களைக் கூட்டிக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போனது. 'இவர் என் மகளிர்' என்று சொல்லிக்கொண்டு போனார். பரிசில் வாங்கப் பழகிய புலவர், கொடுத்தவனின் பிள்ளைகளுக்காகக் கேட்டு நின்றார். முல்லை பாடாததைப் போலவே, அவர்களால் ஆக வேண்டியது இனி யாருக்கும் ஒன்றுமில்லை. அவருடைய சொற்களை அந்தத் தலைவர்கள் ஏற்கவில்லை.

116-ஆம் பாட்டில் அந்தப் பெண்களைக் கபிலர் நமக்குக் கிட்டத்தில் காட்டுகிறார். முள்வேலி போட்ட ஒரு சின்னக் குடிசை. முற்றத்தில் பீர்க்கு முளைத்திருக்கிறது, சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஈச்சிலைகள் கிடக்கும் குப்பை மேடு. பாரியின் மகள்கள் அந்த மேட்டில் ஏறி நின்று, உப்பு ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகிற உமணர் வண்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். முன்பு அவர்கள் பறம்பின் உச்சியில் ஏறி நின்று எண்ணியவை, தங்கள் தந்தையை எதிர்த்துப் போருக்கு வந்த வேந்தர்களின் பொற்சேணம் பூட்டிய குதிரைகள்.